ஒட்டாத புள்ளிகள்

அண்ணன் ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். மளிகைக்கடையில் பாக்கி எழுதி வைப்பார்களே, அந்த மாதிரி நோட்டு. ஒவ்வொரு வரியிலும் ஒரு தேதி. காலையில் வண்டி எடுக்கும்போது மீட்டரில் இருந்த எண், சாயங்காலம் கடைசி பார்சலைக் கொடுத்துவிட்டு வரும்போது இருந்த எண், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் இன்னொரு எண். அது எங்கள் ஆப் காட்டிய கிலோமீட்டர்.

"தம்பி, நான் ஓட்டுறது ஒரு நாளைக்கு அறுபத்தி நாலு கிலோமீட்டர். உங்க ஆப்ல அம்பத்தொம்பதுதான் வருது. மீதி அஞ்சு எங்க போச்சு?"

பெட்ரோல் காசு கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய். ஐந்து கிலோமீட்டர் என்றால் பதினேழு, பதினெட்டு ரூபாய். மாதம் இருபத்தாறு நாள் வேலை. கிட்டத்தட்ட 455 ரூபாய். அது அவருடைய வீட்டு கரண்ட் பில் என்றார்.

எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு கம்பெனியில் வேலை. அந்தக் கிலோமீட்டரைக் கணக்கிடும் நிரலை எழுதியவன் நான்தான். மேனேஜர் என் காதருகில் வந்து, "பைக் மீட்டர் எப்பவும் கொஞ்சம் கூடத்தான் காட்டும், அதைச் சொல்லி அனுப்பிடு" என்றார். நானும் அதைத்தான் சொல்லத் தயாராக இருந்தேன். நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு வரி கண்ணில் பட்டது. அன்று மீட்டர் 58, ஆப் 57.6. இன்னொரு நாள் மீட்டர் 61, ஆப் 58.4.

மீட்டர்தான் தப்பு என்றால் எல்லா நாளிலும் ஏறக்குறைய ஒரே சதவீதத்தில் கூட வேண்டும். ஒரு நாள் சரியாகவும், ஒரு நாள் இரண்டரையும், ஒரு நாள் ஐந்தும் குறையாது. இவருடைய கிலோமீட்டர் எங்கேயோ ஒரு குறிப்பிட்ட இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் போகாத நாளில் விழவில்லை.

"நோட்டு ரெண்டு நாளைக்கு இங்க இருக்கட்டுமாண்ணே?" என்று கேட்டேன்.

"வச்சுக்க. ஆனா தொலைச்சிடாத. வேற சாட்சி எனக்கில்ல" என்றார்.

*

இந்தக் கணக்கு ஏன் இவ்வளவு சிக்கல் என்று கேட்கலாம். போனில் ஜிபிஎஸ் இருக்கிறது, பதினைந்து விநாடிக்கு ஒரு முறை எங்கே இருக்கிறோம் என்று சொல்கிறது, அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவில் உள்ள தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் முடிந்தது. எங்கள் ஆப்பின் முதல் வடிவம் அப்படித்தான் இருந்தது. அதில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் ஊர் சுற்றினார்கள்.

போன் ஒரே இடத்தில் கிடந்தாலும் அது சொல்லும் புள்ளி ஒரே இடத்தில் நிற்காது. செயற்கைக்கோளிலிருந்து சிக்னல் வந்துசேர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்துத்தான் போன் தன் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. ரேடியோ அலை ஒளியின் வேகத்தில் வருவதால், நேரத்தில் ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரத்தில் 300 மீட்டர் பிசகும். நகரத்தில் சிக்னல் நேராக வருவதில்லை. எதிர்க் கட்டடத்தின் கண்ணாடிச் சுவரில் பட்டுத் திரும்பி வரும். அந்தச் சின்னச் சுற்றுவழியைப் போன் கூடுதல் தூரமாக எடுத்துக்கொள்ளும். அதனால் புள்ளி ஒரு தடவை கடைக்குள், அடுத்த தடவை நடுரோட்டில், அதற்கடுத்த தடவை பக்கத்துச் சந்தில் என்று ஆடும். ஒவ்வொரு ஆட்டமும் ஆறு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், இருபது நிமிடத்தில் எண்பது புள்ளி, 480 மீட்டர். ஒரு டீக்கு அரை கிலோமீட்டர்.

ஓடும் வண்டிக்கும் இதே கதைதான். நேர்ச் சாலையில் போனவரின் தடம் பாம்பு ஊர்ந்த மாதிரி வளைந்து வளைந்து இருக்கும். இன்னொரு பக்கம், சாலை வளையும் இடத்தில் இரண்டு புள்ளிக்கு நடுவே நேர்கோடு போட்டால் மூலை வெட்டுப்பட்டுத் தூரம் குறையும். ஒரு இடத்தில் கூடுதல், ஒரு இடத்தில் குறைச்சல். இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்று நம்ப எந்தக் காரணமும் கிடையாது.

வண்டி சாலையில்தான் போயிருக்க வேண்டும், சாலைகள் எங்கே இருக்கின்றன என்பது மேப்பில் இருக்கிறது. அதனால் புள்ளிகளைப் பிடித்துச் சாலைமேல் ஒட்டிவிடலாம். பிறகு தூரத்தைச் சாலையோடு அளக்கலாம். இதற்கு மேப் மேட்சிங் என்று பெயர். நாங்கள் ஆபீஸில் 'ஒட்டுறது' என்போம்.

*

எதில் ஒட்டுவது? முதலில் தோன்றுவது, பக்கத்தில் எந்தச் சாலை இருக்கிறதோ அதில். நானும் அதைத்தான் முதலில் எழுதினேன். ஒரு சாயங்காலத்தில் எழுதி முடித்தேன். மறுநாள் காலை வடபழனியில் மாட்டிக்கொண்டேன்.

வடபழனியில் நூறடி ரோடும் ஆற்காடு ரோடும் குறுக்கிடும் இடம் சென்னைக்காரர்களுக்குத் தெரியும். நூறடி ரோட்டின் மேலே பாலம். அதற்கும் மேலே மெட்ரோ தூண்களில் ஓடுகிறது. பாலத்துக்குக் கீழே, இரண்டு ஓரத்திலும், சிக்னலுக்குப் போகும் சாலை. கோயம்பேட்டிலிருந்து வந்து நேரே அசோக் நகர் போகிறவர் பாலம் ஏறுவார். இடப்பக்கம் திரும்பிக் கோடம்பாக்கம் போகிறவர் கீழே போவார்.

மேலேயிருந்து பார்த்தால் பாலமும் கீழ்ச்சாலையும் சில மீட்டர் தள்ளி ஒட்டிக்கொண்டு ஓடும் இரண்டு கோடுகள். புள்ளியின் ஆட்டமோ அந்த இடைவெளியைவிடப் பெரியது. 'பக்கத்துச் சாலை' முறையில் எங்கள் ஆள் கீழிருந்து பாலத்துக்குத் தாவினார், மறுபடி கீழே குதித்தார், மறுபடி ஏறினார். உயரத்தை வைத்து முடிவு செய்யலாமே என்று தோன்றும். ஜிபிஎஸ் பக்கவாட்டில் சொல்வதைவிட உயரத்தை மோசமாகச் சொல்லும். செயற்கைக்கோள்கள் எல்லாமே நம் தலைக்குமேல்தான் இருக்கின்றன, காலுக்குக் கீழிருந்து ஒன்றும் பேசாது. மேலும் கீழும் சரிபார்க்க வழியில்லை.

ஒரு புள்ளியைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு அது எந்தச் சாலை என்று கேட்டதுதான் என் தவறு. அந்தக் கேள்விக்குப் பதில் அந்தப் புள்ளியில் இல்லை.

2009இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த பால் நியூசனும் ஜான் க்ரம்மும் இதற்கு எழுதிய கட்டுரையை அந்த வாரம்தான் படித்தேன். இன்றைக்கு இலவசமாகக் கிடைக்கும் வழிகாட்டும் மென்பொருள்கள் பலவற்றில், ஓஎஸ்ஆர்எம், வல்ஹல்லா போன்றவற்றில், உள்ளே இருப்பது ஏறக்குறைய அந்த யோசனைதான். மறைநிலை மார்கோவ் மாதிரி என்று அதற்குக் கனமான பெயர். உள்ளே இருப்பது பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எங்கே ஏறினார் என்று ஊகிக்கும் புத்திதான்.

ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே சாலையைத் தேர்ந்தெடுக்காமல், அருகில் இருக்கும் எல்லாச் சாலைகளையும் வேட்பாளர்களாக வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு இரண்டு கேள்வி. ஒன்று, புள்ளி இந்தச் சாலையிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி விழுந்திருக்கிறது? தள்ளத் தள்ள மதிப்பெண் குறையும். இரண்டாவது, போன புள்ளியின் வேட்பாளரிலிருந்து இந்த வேட்பாளருக்குச் சாலை வழியாகப் போனால் எவ்வளவு தூரம், நேர்கோட்டில் எவ்வளவு தூரம்? அடுத்தடுத்த புள்ளிகள் அருகருகே இருப்பதால் உண்மையான பாதையில் இந்த இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும். வித்தியாசம் பெரிதானால் அந்தத் தாவல் சந்தேகத்துக்குரியது.

என் நிரலில் இது இரண்டே வரி:

```
emit = exp(-0.5 * (d / 10)**2)
move = exp(-abs(route - straight) / 50)
```

முதல் வரியில் உள்ள 10, புள்ளி சராசரியாக எவ்வளவு ஆடும் என்பதற்கு நாங்கள் வைத்த மீட்டர் அளவு. நியூசனும் க்ரம்மும் சியாட்டிலில் காரில் வைத்த கருவியை வைத்து அளந்தபோது அவர்களுக்கு 4.07 மீட்டர் வந்தது. பாக்கெட்டுக்குள் கிடக்கும் போனுக்கும், மெட்ரோ தூணுக்கு அடியில் போகும் வண்டிக்கும் அது போதாது.

வடபழனியில் இதைப் போட்டுப் பார்ப்போம். புள்ளி பாலத்துக் கோட்டிலிருந்து 6 மீட்டர், கீழ்ச்சாலைக் கோட்டிலிருந்து 11 மீட்டர். பாலத்துக்கு மதிப்பெண் 0.84, கீழ்ச்சாலைக்கு 0.55. பாலம் ஒன்றரை மடங்கு முன்னே நிற்கிறது. வரிசையாக ஐந்து புள்ளி இப்படியே விழுந்தால், பெருக்கிப் பார்த்தால், பாலம் எட்டு மடங்கு முன்னே. இதுவரை கேட்டால் எவரும் பாலத்தில்தான் போனார் என்பார்கள்.

ஆறாவது புள்ளி ஆற்காடு ரோட்டில், கோடம்பாக்கம் பக்கம் விழுகிறது. பாலத்தின் நடுவிலிருந்து ஆற்காடு ரோட்டுக்கு இறங்க வழி கிடையாது. பாலம் முடியும்வரை போய், திரும்பி, கீழ்ச்சாலை பிடித்து வர வேண்டும். ஒரு கிலோமீட்டர் சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வரியில் ஆயிரத்தை ஐம்பதால் வகுத்தால் இருபது. மதிப்பெண் ஏறக்குறைய 48 கோடியில் ஒரு பங்காக விழுகிறது. கீழ்ச்சாலையிலிருந்து வந்தால் வித்தியாசம் பத்து மீட்டர்தான், மதிப்பெண் 0.82. எட்டு மடங்கு முன்னிலை இருந்த இடம் தெரியாமல் போகிறது. ஆறாவது புள்ளி வந்தபிறகு முதல் ஐந்து புள்ளிகளும் பாலத்திலிருந்து கீழே இறங்கிவிடுகின்றன.

எல்லா வேட்பாளர்களையும் எல்லா வரிசையிலும் கோத்துப் பார்த்தால் கணக்கு முடியவே முடியாது. அதற்கு 1967இல் ஆண்ட்ரூ விட்டர்பி தந்த வழி இருக்கிறது: ஒவ்வொரு வேட்பாளர் வரைக்கும் வந்துசேர்ந்த பாதைகளில் சிறந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம். கடைசிப் புள்ளியில் யார் ஜெயித்தாரோ அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தால் முழுப் பாதையும் கிடைக்கும்.

இதை ஓடவிட்ட அன்று வடபழனி தடம் கோடு போட்ட மாதிரி வந்தது. டீக்கடை அரை கிலோமீட்டரும் காணாமல் போனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில் இருந்தபோதுதான் அண்ணன் நோட்டோடு வந்தார்.

*

நோட்டில் ஐந்து கிலோமீட்டர் குறைந்த நாள்களின் தடங்களை மட்டும் எடுத்து, ஒட்டிய தடத்தையும் ஒட்டாத புள்ளிகளையும் ஒரே மேப்பில் போட்டேன். வழக்கமாக நாங்கள் ஒட்டிய கோட்டை மட்டும்தான் பார்ப்போம். அது அழகாக இருக்கும். உற்றுப் பார்த்தால் அந்த அழகான கோடு ஒரு இடத்தில் அறுந்திருந்தது. ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு துண்டு, அந்தப் பக்கம் ஒரு துண்டு. நடுவில் கொஞ்சம் வெற்றிடம். பெரிதாக்காமல் பார்த்தால் தெரியவே தெரியாது.

பதிவேட்டில் அந்த இடம் இப்படி இருந்தது:

```
41  way=A  d=4.2  ok
42  no candidate
43  no candidate
44  no candidate
45  no candidate
46  no candidate
47  way=B  d=6.0  BREAK
```

ஒரு புள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள் சாலை இல்லை என்றால் அதைத் தூக்கிப் போடு என்று நான்தான் எழுதியிருந்தேன். ஐந்து புள்ளி அப்படிப் போயிருந்தது. 41க்கும் 47க்கும் நேர்கோட்டில் 590 மீட்டர். மேப்பில் உள்ள சாலை வழியாகப் போனால், தெற்கே இருக்கும் ரயில்வே கேட்டைச் சுற்றிக்கொண்டு 3.8 கிலோமீட்டர். இரண்டுக்கும் வித்தியாசம் 3,200 மீட்டருக்கு மேல். 2,000 மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தத் தாவல் நடக்கவே முடியாது என்பது அந்தக் கட்டுரையில் இருந்த எல்லை. நானும் அதையே வைத்திருந்தேன். தாவ வழியில்லை என்றால் தடத்தை அங்கேயே அறுத்து, இரண்டு பயணமாக எண்ணும். இரண்டுக்கும் நடுவில் உள்ளது யாருடைய கணக்கிலும் வராது.

ஒரு தடவை கடந்தால் 640 மீட்டர் போச்சு. அண்ணன் ஒரு நாளைக்கு நாலு நடை, போக வர எட்டு தடவை. 5.12 கிலோமீட்டர். நோட்டில் இருந்த ஐந்து இதுதான். இரண்டு நடை போன நாளில் இரண்டரை. போகாத நாளில் ஒன்றுமில்லை.

மேனேஜரிடம் காட்டினேன். "அம்பது மீட்டரை எறநூறு ஆக்கிடேன்" என்றார். ஆக்கிப் பார்த்தேன். புள்ளிகள் 150 மீட்டர் தள்ளியிருந்த ஒரு மனைப்பிரிவின் தெருக்களில் போய் ஒட்டிக்கொண்டன. ரயில் பாதையில் அப்போதும் அறுந்தது. "அப்ப அந்த ரெண்டாயிரத்தை அஞ்சாயிரம் ஆக்கு." அதையும் செய்தேன். இப்போது அறுபடவில்லை. அதற்குப் பதில் எட்டு தடவையும் கேட்டைச் சுற்றி, ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர், அண்ணன் போகவே போகாத சாலையில் போய்வந்தார். கோடு வழவழவென்று, எங்கும் முறியாமல் இருந்தது. நான் பார்த்த தடங்களிலேயே மிக மோசமான பொய் அதுதான். அப்படியே விட்டிருந்தால் இன்னும் இரண்டு மாதத்தில், கிலோமீட்டரை ஏற்றிக் காட்டுகிறார் என்று அண்ணன்மேல் யாராவது விசாரணை வைத்திருப்பார்கள்.

அறுபட்ட தடம் குறைந்தபட்சம் இங்கே எனக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறது. அதை மறைக்கும் திருகாணிகள் இரண்டு என் கையிலேயே இருந்தன என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

*

ஒரு சனிக்கிழமை அண்ணன் வண்டியின் பின்சீட்டில் போனேன்.

கடைத்தெரு தாண்டி, ஒரு அரிசி மண்டி தாண்டி, புதுத் தார் மணக்கும் சாலை ஒன்று இடப்பக்கம் பிரிந்தது. 280 மீட்டர் போய் ரயில் பாதைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதைக்குள் இறங்கியது. இரண்டு சிமென்ட் சுவர், குளிர்ந்த காற்று, மேலே ஒரு மின்சார ரயில் போகும் அதிர்ச்சி. ஏறினால் அந்தப் பக்கம் இன்னொரு புதுச் சாலை போய்ப் பழைய சாலையில் சேர்ந்தது.

"இது எப்பண்ணே திறந்தாங்க?"

"நாலு மாசம் இருக்கும். அதுக்கு முன்னாடி கேட்டுலதான் கெடப்போம். ஒரு ரயில் போய் இன்னொரு ரயில் வர்ற வரைக்கும் சாத்தியே வச்சிருப்பான்."

நாலு மாதமாக ஆயிரக்கணக்கான பேர் போய்வரும் சாலை எங்கள் மேப்பில் இல்லை. நாங்கள் பயன்படுத்தியது ஓபன்ஸ்ட்ரீட்மேப், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அப்படியென்றால் யாராவது திருத்தும்வரை இல்லாமலேயே இருக்கும் என்றும் பொருள். அதில் வரையக் கிடைத்த வானிலிருந்து எடுத்த படமும் பழையது. சுரங்கப்பாதை இருக்க வேண்டிய இடத்தில் புதர்தான் இருந்தது. எதைப் பார்த்து வரைவது?

தூக்கிப் போட்ட புள்ளிகள் இருந்தன. அந்தப் பகுதியில் ஓடும் எல்லா ஆள்களின், நாலு மாதத்து 'no candidate' புள்ளிகளையும் பெயர், நேரம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஒரே திரையில் கொட்டினேன். ஒவ்வொரு புள்ளியும் தனியாக அங்குமிங்கும் சிதறியிருந்தது. ஆனால் அந்த ஆட்டங்கள் ஒரே பக்கமாக இல்லாததால், கூட்டமாகப் பார்க்கும்போது நடுவில் ஒரு அடர்ந்த பட்டை எழுந்து வந்தது. சாலை. நான் சென்ற அதே வளைவோடு. சாலை இல்லை என்று நான் குப்பையில் போட்டவைதான் அந்தச் சாலையை வரைந்து கொடுத்தன.

பட்டையின் நடுவே கோடு இழுத்தேன். சுரங்கத் துண்டைத் தனியாகப் பிரித்து அதற்கு `tunnel=yes`, `layer=-1` என்று கொடுத்தேன். எங்கள் சர்வர் ஞாயிறு இரவுதோறும் புது மேப்பை இறக்கிக்கொள்ளும். திங்கள்கிழமை தடம் அதே இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி மறுபடி அறுந்தது.

அரை நாள் முழித்தேன். இந்த மேப்பில் இரண்டு சாலைக் கோடுகள் திரையில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் மட்டும் அவை இணைந்துவிடாது. இரண்டு கோட்டுக்கும் பொதுவாக ஒரே கணு இருக்க வேண்டும். பாலமும் கீழ்ச்சாலையும் குறுக்கிட்டாலும் வண்டி தாவ முடியாது என்று நிரலுக்குத் தெரிவதே இந்தப் பொதுக்கணு இல்லாததால்தான். நான் என் கோட்டின் கிழக்கு முனையைப் பழைய சாலைக்கு ஒரு மீட்டர் முன்னாலேயே நிறுத்தியிருந்தேன். கண்ணுக்கு இணைந்திருந்தது. நிரலைப் பொறுத்தவரை அது முட்டுச்சந்து. முனையை இழுத்துப் பழைய சாலையின்மேல் விட்டேன். அடுத்த வாரம் கோடு முழுசாக வந்தது. மேற்கே 280, சுரங்கம் 40, கிழக்கே 320.

நாலு மாதத்துப் பாக்கியைக் கணக்குப் போட்டுக் கொடுக்க இன்னும் ஒரு மாதம் ஆனது. அது வேறு கதை. அண்ணனுக்கு மட்டும் கொடுத்தால் போதும், கேட்டது அவர்தானே என்று ஒரு பேச்சு வந்தது. அந்தச் சுரங்கத்தில் ஓடிய மற்றவர்கள் யாரும் நோட்டுப் போடவில்லை. அவர்கள் பெயரையும் பட்டியலில் சேர்த்துத்தான் அனுப்பினேன்.

*

கதை இங்கேயே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

நவம்பரில் மழை பிடித்தது. ஒரு வியாழக்கிழமை அண்ணனிடமிருந்து போன். "தம்பி, நேத்து கணக்கு மறுபடி கொறையுது."

தடத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அறுபடவில்லை. சுரங்கப்பாதை வழியாக நேராகப் போயிருந்தது. மதிப்பெண்கூட நன்றாகவே இருந்தது. "கரெக்டாதானே இருக்குண்ணே, சப்வே வழியாப் போயிருக்கீங்க" என்றேன்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சப்வேல இடுப்பளவு தண்ணி தம்பி. நான் எப்படிப் போவேன்? கேட்டைச் சுத்தித்தான் போனேன்."

புள்ளிகளைத் திறந்தேன். மழைக்காக போனைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி உள்ளே வைத்திருக்கிறார். சார்ஜ் குறைந்து பேட்டரி சேமிப்பு தானாக விழுந்திருக்கிறது. ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு புள்ளி. அடுத்த புள்ளி பன்னிரண்டு நிமிடம் கழித்து, அந்தப் பக்கம். நடுவில் எதுவும் இல்லை. நேர்கோடு 590. சுரங்கம் வழியாக 640. வித்தியாசம் வெறும் 50 மீட்டர். கேட் வழியாக 3,800. என் இரண்டாவது வரிக்கு இதில் சந்தேகமே வரவில்லை. நான் ஆசையாக வரைந்த அதே சாலையைக் காட்டி அண்ணனின் 3.16 கிலோமீட்டரை எடுத்துக்கொண்டது.

நியூசனும் க்ரம்மும் ஒவ்வொரு விநாடியும் பதிவான தடத்தை வேண்டுமென்றே மெலிதாக்கிப் பார்த்திருக்கிறார்கள். முப்பது விநாடி இடைவெளி வரை அவர்கள் முறை பெரிதாகத் தடுமாறவில்லை. அதற்குமேல் இடைவெளி கூடக் கூடத் தப்பு ஏறுகிறது. புள்ளிகள் நெருக்கமாக இருந்தால் அவை பாதையைச் சொல்லும். அவை அருகிவிட்டால் நிரல் குறுக்குவழியைச் சொல்லும். இரண்டும் திரையில் ஒரே மாதிரிக் கோடாகத்தான் தெரியும்.

பன்னிரண்டு நிமிடத்தில் 640 மீட்டர் என்றால் மணிக்கு மூன்று கிலோமீட்டர் சொச்சம். மனிதன் நடப்பதைவிட மெதுவாக ஒரு பைக். இது யாருக்கும் உறைத்திருக்கும். என் நிரல் நேரத்தைப் பார்ப்பதே இல்லை, தூரங்களை மட்டும் ஒப்பிடுகிறது. நேரத்தையும் பார்க்கச் சொல்லி ஒரு வரி சேர்க்கலாம். சேர்க்கப் போனபோதுதான் அடுத்த கேள்வி வந்தது. மெதுவாக வந்தவர் சுற்றி வந்தாரா, இல்லை மழைக்கு ஒதுங்கி மண்டி வாசலில் பத்து நிமிடம் நின்றுவிட்டுச் சுரங்கத்திலேயே வந்தாரா? இரண்டுக்கும் புள்ளிகள் ஒன்றுதான். எந்தச் சூத்திரத்தாலும் இதைப் பிரிக்க முடியாது. அது அந்த டேட்டாவில் இல்லை.

"அண்ணே, நோட்டுல நேத்துப் பக்கம் எடுங்க. என்ன எழுதியிருக்கீங்க?"

பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. "மழை. கேட் வழி. மீட்டர் எழுபத்தொண்ணு."

அந்த வாரம் நான் சேர்த்தது இரண்டே விஷயம். இரண்டு புள்ளிக்கு நடுவே ஒரு நிமிடத்துக்குமேல் இடைவெளி இருந்தால் அந்தத் துண்டு மட்டும் விட்டுவிட்டுப் புள்ளிக்கோடாக வரும், முழுக்கோடாக வராது. அதைத் தொட்டால் ஒரு சின்னக் கட்டம் திறக்கும். ஓட்டியவர் எந்த வழியாக வந்தேன் என்று அதில் எழுதலாம். எழுதினால் தூரம் அந்த வழியில் எண்ணப்படும்.

முதல் மாதத்தில் அந்தக் கட்டங்களில் வந்ததையெல்லாம் நான் உட்கார்ந்து படித்தேன். 'தண்ணி.' 'சாமி ஊர்வலம், சுத்தி வந்தேன்.' 'போன் ஆஃப் ஆயிடுச்சு, எப்பவும் போற வழிதான்.' 'பஞ்சர், தள்ளிக்கிட்டு வந்தேன்.' கடைசியாகச் சொன்னவருக்குத் தூரத்தைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. அவர் எழுதியதன் கீழே, பார்த்தாச்சு என்று ஒரு டிக் மட்டும் போட்டேன்.